எடு கையை!

ஹீட்டர் ராடு ஒன்றைப் புதிதாக வாங்கி அட்டைப்பெட்டியைப் பிரித்தால், ஒயர் சுருளுக்குள் செருகி வைத்த ஒரு தாள் கீழே விழும். எட்டாக மடித்திருக்கும். எழுத்து எறும்பு அளவு. ஆங்கிலமும் இந்தியும் பெரும்பாலான இடத்தை எடுத்துக்கொள்ள, மிச்சமிருக்கும் மூலையில் தமிழ். "பயன்பாட்டின்போது நீரினைத் தொடுதல் தவிர்க்கப்பட வேண்டும்" என்ற வரி அந்த மூலையில் நடுவாந்தரத்தில் எங்கோ கிடக்கும். அதற்கு மேலே, உத்தரவாதம் எப்போதெல்லாம் செல்லாது என்ற விவரம். கீழே, குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் பத்திரப்படுத்துவது பற்றிய அறிவுரை. தாள் பீரோவுக்கோ குப்பைக்கோ போகிறது. ராடு பாத்ரூமுக்குப் போகிறது. அதற்குப் பிறகு அவை இரண்டும் சந்திப்பதே இல்லை.

இந்தத் தாளைக் குறை சொன்னால் உற்பத்தியாளர், வழக்கறிஞர், விவரமான நுகர்வோர் என்று எல்லாத் தரப்பிலிருந்தும் ஒரே பதில்தான் வருகிறது. ஆபத்து பத்தொன்பது இருந்தால் பத்தொன்பதையும் எழுத வேண்டும், ஒன்றை விட்டாலும் அது குற்றம், படிக்காமல் விடுவது வாங்கியவரின் பொறுப்பு. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. தகவலைக் குறைப்பதை விடக் கூட்டுவது பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஹீட்டர் ராடு விஷயத்தில் இந்த நினைப்பு தவறு, அதுவும் உயிரைக் காவு வாங்கக்கூடிய தவறு. நீண்ட பட்டியல் ஆபத்தின் காரணங்களை எண்ணிக்கொண்டிருக்கிறது. ஈரத் தரையில் நிற்பவருக்கு வேண்டியது காரணம் இல்லை, அந்த நொடியில் கை செய்ய வேண்டிய வேலை. காரணம் பத்து இருக்கலாம், தப்பிக்கும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். அந்த ஒன்றை ஒரு வினைச்சொல்லில் சொல்லிவிட முடியும்.

ராடுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். செம்பாலோ நிக்கல் பூசிய செம்பாலோ ஆன ஒரு மெல்லிய குழாய், அதற்குள் நைக்ரோம் கம்பிச் சுருள், சுருளுக்கும் குழாய்க்கும் இடையே இறுக்கி அடைத்த மக்னீசியம் ஆக்சைடு பொடி. இந்தப் பொடி சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. பொடி உலர்ந்திருக்கும் வரைதான் அந்தக் குணம் நிற்கும். போர்வெல் தண்ணீர் புழங்கும் ஊர்களில் சில மாதத்திலேயே குழாயின் மேல் வெள்ளையாக உப்புப் படிந்து தடித்துவிடுகிறது. படிவு உள்ள இடத்தில் சூடு தண்ணீருக்குப் போகாமல் குழாயிலேயே தேங்குகிறது. நாளடைவில் அங்கே மயிரிழை போல ஒரு வெடிப்பு விழும், அதன் வழியே ஈரம் பொடிக்குள் இறங்கும். கம்பியில் ஓடும் மின்சாரம் அப்போது குழாய்க்கும், அங்கிருந்து வாளித் தண்ணீருக்கும் வந்துவிடுகிறது. கண்ணுக்கு எதுவும் தெரியாது. தண்ணீர் வழக்கம்போலச் சூடாகிக்கொண்டுதான் இருக்கும்.

குழாய் வெடிப்பது ஒரு காரணம்தான். கைப்பிடி மூடிக்குள் ஒயர் இணையும் இடத்தில் தண்ணீர் புகுந்தாலும் இதேதான் நடக்கும். ஒயர் தேய்ந்து செம்பு தெரிந்தாலும் இதேதான். ராடின் எர்த் கம்பி ஒழுங்காக இருந்து, சுவரிலும் எர்த் இருந்தால் கசியும் மின்சாரம் அந்த வழியே போய்விடும். ஆனால் மூன்று முனை பிளக்கை இரண்டு துளைப் பாயிண்டில் செருகுவதற்காக ஓர் அடாப்டர் மாட்டியிருக்கும் வீட்டில் எர்த் அங்கேயே அறுந்துவிடுகிறது. பிளாஸ்டிக் வாளி மின்சாரத்தைத் தரைக்கு விடாது. தண்ணீர் முழு அழுத்தத்தில் காத்துக்கொண்டிருக்கிறது, ஈரத் தரையில் வெறுங்காலோடு வந்து ஒருவர் விரல் வைக்கும் வரை.

பலர் ஃப்யூஸ் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது என்று நம்புகிறார்கள். அவை ஒயர் எரியாமல் காப்பதற்காக வைத்தவை, பல ஆம்பியர் பாய்ந்தால்தான் அசையும். உடம்பு வழியாகப் பாய்வதோ ஓர் ஆம்பியரில் சிறு பங்கு. ஆளைக் கொல்ல அது போதும், எம்.சி.பி.யை இறக்கப் போதாது. 30 மில்லியாம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. மட்டும்தான் அங்கே உதவும். அது இல்லாத வீடுகள்தான் நம் ஊர்களில் ஏராளம்.

இனி, விரல் ஏன் அந்தத் தண்ணீருக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். 1500 வாட் ராடு ஒன்றால் 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய பத்தொன்பது நிமிடம் ஆகும். மார்கழி விடியலில், பள்ளிக்கூட வேன் வருவதற்குள் நான்கு பேர் குளிக்க வேண்டிய வீட்டில், பத்தொன்பது நிமிடம் யாரும் வாளியைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. ஸ்விட்சைப் போட்டவர் அடுப்படியில் இட்லிப் பானையைப் பார்க்கப் போய்விடுவார். அடுத்து பாத்ரூமுக்குள் நுழைபவர் வேறொருவர். சூடு வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ராடில் எந்த அடையாளமும் இல்லை, ஆகவே குனிந்து விரலை விடுகிறார். இந்தச் சின்னஞ்சிறு செயலில்தான் விபத்தின் முழு இயந்திரமும் அடங்கியிருக்கிறது. இதைத் தடுக்க வேண்டிய வரி பீரோவுக்குள் இருக்கிறது. ராடை வாங்கியவர் அதைப் படித்தே இருந்தாலும் பயனில்லை, விரல் விடுபவர் அவர் இல்லை.

எச்சரிக்கை எந்த இடத்தில், எந்த நேரத்தில் கண்ணில் படுகிறது என்பது அதன் நீளத்தை விட முக்கியம் என்பதை ஆராய்ச்சியாளர்கள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1993இல் ஃப்ரான்ட்ஸ், ரோட்ஸ் என்ற இருவர், கோப்புகள் வைக்கும் இரும்பு அலமாரியை எடுத்துக்கொண்டார்கள். மேல் இழுப்பறையில் மட்டும் பாரத்தை ஏற்றினால் இழுக்கும்போது அலமாரி ஆளின் மேலேயே சாயும். எச்சரிக்கையை ஓரிடத்தில் சும்மா ஒட்டி வைத்ததை விட, கோப்பை உள்ளே வைக்கப்போகும் கையை மறிக்கும்படி இழுப்பறையிலேயே வைத்தபோது அதைக் கவனித்து நடந்தவர்கள் அதிகம். எச்சரிக்கை வேலையின் குறுக்கே வந்து நின்றதுதான் அங்கே வித்தியாசம். பத்தொன்பது வரிகளைக் கையின் குறுக்கே நிறுத்த முடியாது. நான்கு சொற்களை நிறுத்தலாம்.

சரி, பத்தொன்பதை எப்படி நான்காக்குவது? பெட்டிக்குள் வரும் தாள்களின் சராசரியாக ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வோம். அதன் பத்தொன்பது வரிகளில் ஐந்து, பழுது பார்ப்பதையும் உத்தரவாதத்தையும் பற்றியவை. அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம், ரசீது, மாற்று ஒயர் வகையறா. அவை கம்பெனிக்கும் வாங்கியவருக்கும் உள்ள ஒப்பந்தம், வாளிப் பக்கத்தில் அவற்றுக்கு வேலை இல்லை. இன்னும் நான்கு, கேட்டால் தலையாட்டலாம், செய்யத்தான் எதுவும் இருக்காது. "எச்சரிக்கையுடன் பயன்படுத்தவும்" என்றால் விரல் என்ன செய்ய வேண்டும்? மேலும் நான்கு பராமரிப்பு: உப்பைச் சுரண்டுவது, ஒயரை இறுக்கிச் சுற்றாதது போன்றவை. அவை தாளிலேயே இருக்கட்டும். மிச்சம் ஆறு.

அந்த ஆறில், முக்கிய பிறகே ஸ்விட்ச் போடு, கீழ்க்கோட்டுக்குக் குறைய விடாதே, மேல்கோட்டைத் தாண்ட விடாதே என்ற மூன்றும் ஒரே வேலையின் மூன்று முகம். கீழ்க்கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் குழாய் காற்றில் பழுத்துச் சிவந்து வெடிக்கும், மேல்கோட்டைத் தாண்டினால் மூடிக்குள் நீர் புகும். "முக்கு, இரண்டு கோட்டுக்கும் நடுவே" என்று சொன்னால் மூன்றும் அடங்கிவிடும். எழுத வேண்டிய இடம் குழாயின் மேல்பகுதி, இரண்டு கோடுகளுக்கும் பக்கத்தில். அடுத்தது பிளக்கின் முதுகில்: "செருகு, மூன்று துளை பவர் பாயிண்டில் மட்டும்." 1500 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். ஃபேனுக்கும் செல்போன் சார்ஜருக்கும் வைத்த 6 ஆம்பியர் பாயிண்ட் அதற்குப் பத்தாது. பவர் பாயிண்ட் என்றால் பெரும்பாலும் எர்த்தும் கூட வரும் என்பதால் இரண்டு ஆபத்துக்கு ஒரே சொல்.

"குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்" என்பதுதான் தாள்களிலேயே மிகவும் ஏமாற்றும் வரி. எட்டாத இடத்தில் வைக்கலாம் என்பது ஓயும்போது சரி. தண்ணீர் காயும்போது வாளி தரையில்தான் இருக்கும், குழந்தையின் இடுப்பு உயரத்தில். அந்த நேரத்தில் செய்யக்கூடிய ஒரே காரியம் பாத்ரூம் கதவை வெளியே தாழ்ப்பாள் போடுவது. ஆகவே "தாழிடு, தண்ணீர் காயும் வரை" என்று ஸ்விட்ச் போடும் கைக்குத் தெரியும்படி பிளக்கையொட்டிய ஒயரில் ஒரு பட்டை.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது. கைப்பிடியின் முகத்தில், குனிபவரின் கண்ணுக்கு நேரே: "கழற்று பிளக்கை. பிறகு தொடு. இல்லாவிட்டால் ஷாக் அடித்து உயிர் போகும்."

உப்புப் படிவதைப் பற்றிய வரியைத் தாளுக்கே அனுப்பிவிட்டால் விபத்தின் வேரையே மறைத்ததாகாதா என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் குழாய் வெடித்ததா, மூடிக்குள் நீர் புகுந்ததா, எர்த் அறுந்ததா என்று வாளிக்கு முன்னால் நிற்பவரால் பார்த்துச் சொல்ல முடியாது. பிளக்கைக் கழற்றிவிட்டால் இந்த மூன்றில் எது நடந்திருந்தாலும் விரலுக்கு ஆபத்தில்லை. ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாதா என்றால், போதாது. பழைய வீடுகளில் ஸ்விட்ச் சில சமயம் நியூட்ரலை மட்டும் துண்டிக்கும்படி மாற்றி இணைத்திருப்பார்கள், அணைத்த பிறகும் ராடில் மின்சாரம் நிற்கும். இந்த நான்காவது காரணத்தைத் தாளில் யாரும் எழுதுவதே இல்லை. "கழற்று" என்ற சொல் அதையும் சேர்த்துக் காக்கிறது.

இங்கே தமிழாசிரியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் எழுப்பும் மறுப்பு ஒன்று உண்டு. வினையில் தொடங்குவது ஆங்கிலத்தின் பழக்கம், தமிழில் வினை கடைசியில்தான் வரும், "கழற்று பிளக்கை" என்பது திரிந்த தமிழ் என்பார்கள். எழுதும் தமிழை மட்டும் வைத்துச் சொல்லும் பேச்சு இது. கொதிக்கும் சாம்பார்ச் சட்டியைப் பிள்ளை தொடப் போகும்போது எந்தத் தாயும் "கையை எடு" என்று இலக்கண வரிசையில் சொல்வதில்லை. "எடு கையை!" என்றுதான் கத்துகிறாள். "நிறுத்து வண்டியை!", "விடு அதை!", "பிடி அவனை!" என எல்லாமே அப்படித்தான். பதற்றத்தில் தமிழ் வினையை முன்னே தள்ளும். அது நம் காதுக்குப் பிறவியிலேயே பழகிய ஆபத்தின் வரிசை. சாலையோரப் பலகையில் "நில், கவனி, செல்" என்று மூன்றே வினைகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இதில் அந்நியம் எதுவும் இல்லை.

இன்னும் சொல்லப்போனால், தமிழுக்குத்தான் இந்த வெட்டு அதிகம் தேவைப்படுகிறது. நீண்ட தமிழ் வாக்கியத்தில் "செய்" என்பதா "செய்யாதே" என்பதா என்பதே கடைசி அசையில்தான் தெரியும். "மின் இணைப்பு துண்டிக்கப்படாத நிலையில் நீரின் வெப்பநிலையைச் சோதிப்பதற்காகக் கையை நீருக்குள் விடுதல்" என்று வரி ஓடி மடிப்பில் உடைந்தால், இதுவரை படித்தவருக்கு அது ஒரு செய்முறை விளக்கம் போலவே தோன்றும். "கூடாது" அடுத்த வரியில் இருக்கிறது. "தவிர்க்கப்பட வேண்டும்" என்ற செயப்பாட்டுவினை யார் தவிர்க்க வேண்டும் என்பதையும் சேர்த்து மறைத்துவிடுகிறது. மரியாதைக் குறைவு என்று அஞ்சி "கழற்றவும்" என்று எழுதலாமே என்பவர்களுக்கு: "கழற்றவும்" என்பதைக் "கழற்றுவதற்கும்" என்றும் படிக்க முடியும், "கழற்று" என்பதை வேறெப்படியும் படிக்க முடியாது. "நில்" என்ற பலகை தன்னை அவமதித்துவிட்டதாக எந்த ஓட்டுநரும் சொன்னதில்லை.

சட்டம் விடாது என்பதுதான் நிறுவனங்களின் கடைசிக் கோட்டை. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 84ஆம் பிரிவில், சரியாகப் பயன்படுத்துவதற்குப் போதுமான அறிவுறுத்தலோ தவறான பயன்பாடு பற்றிய எச்சரிக்கையோ இல்லாவிட்டால் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. அதே சட்டத்தின் 87ஆம் பிரிவு, வெளிப்படையான, எல்லோருக்கும் தெரிந்த ஆபத்தை எச்சரிக்கவில்லை என்பதற்காக அவரைப் பொறுப்பாக்க முடியாது என்கிறது. சட்டம் கேட்பது போதுமானதை. எல்லாவற்றையும் எழுது என்று அது எங்கும் கேட்கவில்லை.

எச்சரிக்கை வழக்குகளுக்குப் பேர்போன அமெரிக்காவிலேயே நிறுவனங்களின் இந்த வாதத்துக்கு எதிர்ச்சான்று இருக்கிறது. கட்டுமான இடம் ஒன்றில் புரொப்பேன் ஹீட்டர்களைக் கவனித்துவந்த தொழிலாளி ஒருவர், காலியான சிலிண்டர்களின் வால்வை மூடாமல் எரியும் ஹீட்டர்களுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். மிச்ச வாயு கசிந்து பற்றிக்கொள்ள, அவருக்குத் தீக்காயம். சிலிண்டரின் மேல் தீப்பற்றும் வாயு என்ற சிறிய எச்சரிக்கைதான் இருந்தது, வால்வைப் பற்றியும் மிச்ச வாயுவைப் பற்றியும் விவரமாக எழுதியிருக்க வேண்டும் என்று வழக்கு. 1988இல் வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு வரி கூட்டினால் அச்சுச் செலவு மட்டும்தான் என்று நினைப்பது தவறு, படிப்பவரின் நேரமும் கவனமும்தான் உண்மையான செலவு, கூடுதல் வரி ஒவ்வொன்றும் முக்கியமான வரியின் வலுவைக் குறைக்கிறது என்று நீதிபதி ஸ்டீபன் வில்லியம்ஸ் தீர்ப்பில் விளக்கினார். அடிபட்டவருக்கு அது கடுமையான தீர்ப்பு, அதில் ஐயமில்லை. ஆனால் நீளமே கவசம் என்று நம்பி எறும்பெழுத்தில் தாள் அச்சிடும் நிறுவனங்கள் அதைப் படிக்க வேண்டும்.

வெட்டுவதிலும் எல்லை உண்டு. ஒரே சொல்லாக "கழற்று" என்று மட்டும் எழுதி நிறுத்துபவர்கள் தேவைக்கு மேல் வெட்டிவிட்டார்கள். 1980களிலிருந்து எச்சரிக்கைகளை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் வோகால்டரின் ஆய்வுகள், கவனத்தை இழுக்கும் சொல், ஆபத்து எது, மீறினால் என்ன ஆகும், என்ன செய்ய வேண்டும் என்ற நான்கு உறுப்புகளைச் சுற்றியே நடந்தவை. ஏன் என்று தெரியாத கட்டளையைப் பத்து நாள் கேட்பார்கள், பதினோராவது நாள் அவசரத்தில் மீறுவார்கள். "ஷாக் அடித்து உயிர் போகும்" என்ற மூன்றாவது துண்டை அதனால்தான் வெட்டக் கூடாது.

வினைச்சொல்லால் முடியாத காரியமும் இருக்கிறது, அதை மறைப்பதும் நேர்மையில்லை. அமெரிக்காவில் தலைமுடி உலர்த்தும் ஹேர் டிரையரின் ஒயரில், தண்ணீரிலிருந்து தள்ளி வை, பயன்படுத்தியதும் பிளக்கைக் கழற்று என்று சொல்லும் பட்டையைத் தொங்கவிட்டார்கள். குளியல் தொட்டியில் டிரையர் விழுந்து ஆட்கள் இறப்பது அதோடு நின்றுவிடவில்லை. 1987இலும் பிறகு 1991இலும் யு.எல். நிறுவனம் பாதுகாப்புத் தரத்தை இறுக்கி, தண்ணீரில் விழுந்ததும் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் பிளக்கைக் கட்டாயமாக்கிய பிறகுதான் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. ஹீட்டர் ராடுக்கும் அப்படியொரு பிளக் வர வேண்டும். வந்தால் "கழற்று" என்ற வரிக்கே தேவை குறைந்துவிடும். அது வரும் வரை கைப்பிடியில் அந்த வரி இருந்தாக வேண்டும், எட்டாக மடித்த தாளில் இல்லை.

அதுவும் அங்கே நிலைத்து நிற்க வேண்டும். வீட்டு மின்சாதனங்களுக்கான சர்வதேசத் தரத்தில், மேலே எழுதிய எழுத்து அழியாமல் இருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீரில் நனைத்த துணியால் 15 நொடியும், பெட்ரோலியக் கரைப்பானில் நனைத்த துணியால் 15 நொடியும் கையால் தேய்த்துப் பார்ப்பார்கள். மிக்சிக்கும் ஃபேனுக்கும் அந்தச் சோதனை போதும். நாள்தோறும் ஆவியிலும் சோப்பு நுரையிலும் நிற்கும் ராடில் ஒட்டிய ஸ்டிக்கர் முதல் மழைக்காலத்தைத் தாண்டாது. கைப்பிடி எப்படியும் அச்சில் வார்த்து எடுப்பதுதான். அந்த அச்சிலேயே "கழற்று" என்பதை விரலால் தடவினாலும் தெரியும்படி மேடாக வெட்டிவிட்டால், விடியலில் லைட் போடாமல் ராடைத் தூக்கப் போகும் கைக்கும் அது படும்.